ஆடிக் கழிவும் நல்லூர்க் கொடியேற்றமும்

பருவம் நோக்கிக் கொள்வனவு செய்யப்படும் ஆடை, அப்பருவம் கழிந்தபின் நாடோறும் மதிப்பிழக்கும் பண்டமாகும். அதனை எப்பொழுது, எவ்வளவு விலை குறைத்து விற்பது என்பது புடைவை வாணிகர் எதிர்கொள்ளும் கடினமான வினா. தமிழ்நாட்டு வாணிகர் இதற்குக் கண்ட விடை ஆடித் தள்ளுபடி. ஆடியில் மணவினைகள் நிகழாமையால் ஆடை விற்பனை மந்தமாகும். பழைய இருப்பை அப்பொழுது கழித்துவிட்டால் தீபாவளிச் சரக்குக்கு இடமும் முதலும் கிடைக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஆடியில் மணவினை அரிது. ஆயின் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம், ஆடி அமாவாசையை அடுத்த ஆறாம் நாள் கொடியேறி, 25 நாள் நடைபெறுகின்றது. புலம்பெயர்ந்து வாழ்வோர் பலர் ஊருக்கு வருவதும் அக்காலத்திலேயே. எனவே தமிழ்நாட்டில் வாங்குவோர் குறைந்த மாதமாகிய ஆடி, இங்கு புத்தாடை வாங்கும் பருவத்தின் வாயிலாக அமைகின்றது. சித்திரைப் புத்தாண்டுச் சரக்கின் எச்சத்தை இங்கு எப்பொழுது கழித்தல் வேண்டும்?

ஓர் உதாரணம் கொள்வோம். கடையொன்று புத்தாண்டுக்கென 100 சேலைகளை ஒவ்வொன்றும் 2000 ரூபாவுக்கு வாங்கி, 3000 ரூபாவாக விலை குறிக்கின்றது. புத்தாண்டளவில் 60 விற்று, 40 எஞ்சுகின்றன. அடுத்த நான்கு வாரங்களில் முழுவிலையில் 6 மட்டுமே விற்கின்றன. வாரத்துக்கு ஒன்றரை வீதம் விற்பின், எஞ்சிய 34 சேலைகள் முடிய 22 வாரங்களுக்கு மேலாகும். ஆடிப் பிறப்புக்கோ 9 வாரங்களே உள. இருப்பை வார விற்பனையாற் பிரித்துப் பெறும் இவ்வெண், எஞ்சிய காலத்திலும் மிகும்போது விலை குறைக்கும் வேளை வந்துவிட்டது என்று அறியலாம்.

கடைக்காரர் பொறுத்திருந்தால், அந்த 9 வாரங்களிலும் இன்னும் 6 விற்கும் எனக் கொள்வோம். ஆடியில் அரைவிலைக்கு 18 விற்று, மிஞ்சிய 10 சேலைகளை 500 ரூபா வீதம் ஒதுக்கினால், 40 சேலைகளாலும் வருவது 68,000 ரூபா. மாறாக, வைகாசிப் பிறப்பில் 25 வீதம் கழித்து 2250 ரூபாவுக்கு 16, ஆனியில் 40 வீதம் கழித்து 1800 ரூபாவுக்கு 12 விற்று, மிஞ்சிய 6 சேலைகளை 500 ரூபா வீதம் ஒதுக்கினால் 78,600 ரூபா வரும். முந்திய சிறுகழிவு பிந்திய பெருங்கழிவினும் மேலாயிற்று. அன்றியும், நல்லூர்ச் சரக்கு வாங்குதற்கான பணம் உரிய வேளையிற் கைக்கு வருகின்றது.

ஆடிக் கழிவால் வேறொரு நட்டமும் உண்டு. அரைவிலைச் சேலை புதுச் சேலையின் அருகே தொங்கினால், புதியதை வாங்கவந்தோர் சிலர் பழையதைக் கொள்வர். அவ்வாறு பத்துப்பேர் மாறினும், ஒவ்வொருவராலும் கிடைத்திருக்கும் 1000 ரூபா இலாபம் வீதம் 10,000 ரூபா போய்விடும். இந்நட்டம் பழைய சரக்கின் கணக்கிற் பதிவாகாது. புதுச்சரக்கு மந்தமாயிற்று என்று மட்டுமே தோன்றும்.

கழிவின் அளவை அறுதியிடுங்கால் இருவகைச் சரக்கை வேறுபடுத்தல் வேண்டும். வெள்ளை வேட்டி, பாடசாலைச் சீருடைத் துணி போன்றவை என்றும் விலைபோவன. விற்றதற்கு ஈடாக மீண்டும் வாங்கவேண்டுவன. அவற்றின் விலை 3000, கொள்விலை 2000 ஆயின், 20 வீதக் கழிவு இலாபத்தை 1000 ரூபாவிலிருந்து 400 ரூபாவாக்கும். முன்னைய இலாபம் பெற இரண்டரை மடங்கு விற்கவேண்டும். ஆதலால் அவற்றிற்குக் கழிவு தகாது. மீண்டும் வாங்கப்படாத பருவச் சேலைக்கோ கொள்விலை செலவழிந்து தீர்ந்த பணம். அங்கு நோக்கத்தக்கது வரும் பணம் ஒன்றே. விற்பனை ஒன்றேகால் மடங்கானாற் போதும்.

இத்தகைய படிமுறைக் கழிவை அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பைலீன் என்னும் கடையின் நிலவறைப் பகுதி 1909 முதல் ஒழுங்காகவே நடத்திற்று. அங்கு 12 விற்பனை நாள்களுக்குப்பின் 25 வீதமும், 18 நாள்களுக்குப்பின் 50 வீதமும், 24 நாள்களுக்குப்பின் 75 வீதமும் விலை குறைந்தது. 30 நாள்களில் எஞ்சியவை அறநிலையங்களுக்கு அளிக்கப்பட்டன. காத்திருந்தாற் பொருள் பிறர்கைப்படலாம் என்ற அச்சமே வாங்குவோரைத் தூண்டிற்று.

அவ்வச்சம் இருக்குமளவுமே இம்முறை பயன்தரும். ஒவ்வோராண்டும் கழிவுக்கென ஏராளமாகச் சரக்கு மிஞ்சுமாயின், காத்திருந்தாலும் கிடைக்கும் என்பதை மக்கள் அறிந்து, புத்தாண்டிலேயே முழுவிலை கொடுக்கத் தயங்குவர். பருவத் தொடக்கத்து முழுவிலை விற்பனை ஆண்டுதோறும் குறைந்து, கழிவுக்கால விற்பனை பெருகுவதே அதன் அறிகுறி. அந்நிலையில் கழிவை ஆழமாக்குவது நோயை வளர்க்கும். அடுத்த ஆண்டு நூறு சேலைக்குப் பதில் எண்பது வாங்குவதே அதற்கு மருந்து.