மாதவிலக்கு நின்ற பிறகு கணவன் மனைவி உறவு



தென்காசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதாந்திரக் கூட்டம் முடிந்து நோட்டைக் கட்டி வைக்கும்போது, பீடி சுற்றும் ஒரு உறுப்பினர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. "அவுக பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு. எரியுது, வலிக்குது. அதனால பேத்திகூட திண்ணையில படுத்துக்கிடுதேன். இப்ப அவுக என்கிட்ட முகங்கொடுத்துப் பேசுறதே இல்ல. வேற எங்கயும் மனசு போயிருச்சோன்னு தோணுது" என்றார்.

முதலில் அந்த எரிச்சல் ஏன் என்று பார்ப்போம். ஒரு வருஷம் முழுக்க மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. நம் ஊரில் பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் நிற்கும். சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு ஆபரேஷனோடு நின்றுவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. அதனால் பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து, ஈரம் குறைந்து வறண்டுவிடுகிறது. உறவின்போது எரிவதும், அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதும் இதனால்தான். ராத்திரி உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்தால் தூக்கமும் கெடும். வலிக்கும் என்று தெரிந்த ஒன்றின் மேல் யாருக்கு ஆசை வரும்? பல பேருக்கு ஆசை செத்துப்போகவில்லை, வலிக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறது.

இனி கணவர் பக்கம். அவருக்கு 55 வயது, ஆறு வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டு, ஆணுக்கு விறைப்பு குறையும். சில பிரஷர் மாத்திரைகளாலும் குறையலாம். ஒன்றிரண்டு தடவை முடியாமல் போனதும் அவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். அவள் திண்ணைக்குப் போனதும் 'என்னை வேண்டாம்னுட்டா' என்று நினைத்தார். இருவருக்குமே உடம்புக் கோளாறு. இருவரும் அதை மனசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் பேசப் படுக்கை ஏற்ற இடமல்ல. அங்கே பேசினால் குற்றம் சொல்வது போலவே படும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத பகல் நேரம் நல்லது. அந்த அக்கா சாரல் விழுந்த ஒரு சாயங்காலம், குற்றாலத்தில் குளித்துவிட்டு நடந்து வரும்போது பேசினார்: "என்னங்க, உங்க மேல பிரியம் இல்லாம ஒதுங்கல. தீட்டு நின்னதுல இருந்து எனக்கு எரியுது." கொஞ்ச தூரம் பேசாமல் நடந்த கணவர், "எனக்கும் முன்ன மாதிரி முடியலளா. அதான் திரும்பிப் படுத்தேன்" என்றாராம். "நீங்க ஏன் இப்படி" என்று ஆரம்பிக்காமல் "எனக்கு இப்படி இருக்கு" என்று ஆரம்பித்ததால்தான் அவரும் வாய் திறந்தார்.

பிறகு இருவரும் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மகளிர் பிரிவு டாக்டர் உறவுக்கு முன் தடவும் வழவழப்பு ஜெல்லியும், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் எழுதிக் கொடுத்தார். ஜெல்லி உடனே உதவும். கிரீம் வேலை செய்யச் சில வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கிரீம் வாங்கும் முன் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆணுறை போட்டால் எண்ணெய் ஆகாது, ஆணுறை கிழிந்துவிடும்.

கணவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்தார்கள். விறைப்புக் குறைவு சில பேருக்கு இதய நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கும். அதனால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். ஊர் பேர் தெரியாதவர்கள் 'ஆண்மை மருந்து' என்று விற்பதை வாங்காதீர்கள். சிலவற்றில் விறைப்புக்கான ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர் அதைச் சாப்பிட்டால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

மருந்து வேலை செய்யும் வரை அவர்கள் உறவு வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் படுப்பது, கை கால் பிடித்துவிடுவது, அதோடு சரி. வயதான பிறகு பல பெண்களுக்கு ஆசை முதலில் வராது, நெருக்கம் வந்த பிறகே வரும். இருவருக்குமே உறவு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நோயல்ல. ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் வற்புறுத்தக் கூடாது, கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆனாலும் சரி.

கடைசியாக ஒன்று. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு பட்டாலும், 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அக்காவைக் கூட்டத்தில் பார்த்தோம். "வலி முக்காவாசி போயிட்டு. பேத்தி இப்ப அவ ஆச்சிகூடப் படுக்கா" என்று சொல்லிச் சிரித்தார்.