பேங்க்ல இருக்கிற பணம் எல்லாம் நம்ம பணமா?

கேக் கடை நடத்துற தோழி ஒருத்தர் போன் பண்ணாங்க. "ஆகஸ்ட் 31 அன்னிக்கு என் லெட்ஜர்ல பேங்க் பேலன்ஸ் 1,84,500 ரூபாய். ஸ்டேட்மென்ட்ல 1,97,310. அதான் இவ்வளவு இருக்கே, புது அவனுக்கு 1,90,000-க்கு செக் கொடுத்துடவா?"

கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். லெட்ஜரையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டுலயும் இருக்கிற வரிகளைத் தேதி, தொகை பார்த்து டிக் பண்ணிட்டே வந்தோம். கடைசியில டிக் விழாம நின்னது மூணே வரிதான்.

முதல் வரி, மைதா சப்ளையருக்கு 29-ம் தேதி கொடுத்த 22,000 ரூபாய் செக். லெட்ஜர்ல கழிச்சாச்சு, ஆனா அவர் இன்னும் பேங்க்ல போடல. ரெண்டாவது, 31-ம் தேதி க்யூஆர் கோடு மூலமா வந்த 8,600 ரூபாய் விற்பனை. அது அக்கவுன்ட்டுக்கு வந்து சேர்றது மறுநாள்தான். இந்த ரெண்டும் கால வித்தியாசம். நம்ம கணக்கும் சரி, பேங்க் கணக்கும் சரி, பதிவான நாள்தான் வேற. அதனால லெட்ஜரைத் தொடக் கூடாது. ஸ்டேட்மென்ட் பேலன்ஸ்ல இருந்து 22,000 கழிச்சு, 8,600 கூட்டினா 1,83,910.

மூணாவது வரி வேற ரகம். பேங்க் எடுத்த சேவைக் கட்டணம் 500, அதுக்கு 18% ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய். இது ஸ்டேட்மென்ட் பார்த்த பிறகுதான் தோழிக்கே தெரியும். எத்தனை நாள் காத்திருந்தாலும் இது தானா சரியாகாது, லெட்ஜர்ல செலவா எழுதணும். 1,84,500-ல 590 போனா அதே 1,83,910. டேலி ஆயிடுச்சு.

அப்போ செலவு பண்ண உண்மையில இருக்கிறது 1,83,910 மட்டும்தான். 1,90,000-க்கு செக் கொடுத்து, நடுவுல வேற வரவும் இல்லைன்னா, அந்த செக்கோ மைதா செக்கோ, ரெண்டுல ஒண்ணு பவுன்ஸ் ஆகியிருக்கும்.

ஒரு வித்தியாசம் நிஜமாவே கால வித்தியாசம்தானான்னு எப்படித் தெரியும்? அடுத்த மாச ஸ்டேட்மென்ட்ல தேடுங்க. க்யூஆர் பணம் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே வந்திருக்கணும். வரலைன்னா எங்கயோ சிக்கியிருக்கு, உடனே கேளுங்க. செக்குக்கு ஆயுள் 3 மாசம். அதுக்குள்ள சப்ளையர் பேங்க்ல போடலைன்னா அது செல்லாது. அப்போ லெட்ஜர்ல அந்த 22,000-ஐத் திரும்ப பேங்க் பேலன்ஸ்ல சேர்த்து, அவருக்குத் தர வேண்டிய பாக்கியாவும் காட்டணும். செக் காலாவதி ஆனாலும் கடன் அப்படியேதான் இருக்கு.