14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவே

என் அக்கா மகள் கரூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நோட்டை நீட்டி, "படிச்சுக்கிட்டே ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு இருக்கேன் மாமா, இதுல எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள். லோகோ வரைவது, வீடியோ எடிட்டிங், டேட்டா என்ட்ரி, கட்டுரை எழுதுவது என்று ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தாள். அடுத்த பக்கத்தில் ஐந்து வலைத்தளங்களின் பெயர்கள்.

நான் பல ஆண்டுகள் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இதுல எந்த வேலையை முடிச்சதும், சரியாச் செஞ்சிருக்கோமான்னு யாரையும் கேக்காம நீயே சொல்ல முடியும்?" அவள் யோசித்தாள். லோகோ நன்றாக இருக்கிறதா என்பதை வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டும். வீடியோவும் அப்படியே. அனுபவம் இல்லாத மாணவிக்கு அது பெரிய ஆபத்து. "இன்னும் ஒரு முறை மாத்திக் கொடு" என்று ஐந்து முறை கேட்டால் மறுக்க வழியில்லை. கணக்கு அப்படியில்லை. பொருந்தியதா இல்லையா என்று அதுவே காட்டிவிடும்.

அவள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பாடத்திலேயே அப்படி ஒரு வேலை இருந்தது. கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யை, தான் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதை எல்லோரும் 'இன்புட்' என்பார்கள். ஆனால் பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. சரக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டியவை வாங்கியவரின் பெயரில் 2பி என்ற பட்டியலாக வரும். அதில் இல்லாத பில்லுக்கு இன்புட் எடுக்க 2022 ஜனவரி முதல் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மாதந்தோறும் 14-ஆம் தேதி 2பி வரும், பெரும்பாலான வியாபாரிகள் 20-ஆம் தேதிக்குள் 3பி படிவம் கட்டி முடிக்க வேண்டும். நடுவில் உள்ள ஆறு நாட்களில் யாராவது கடையின் கொள்முதல் பதிவையும் 2பி-யையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களில் ஆள் போதாமல் திணறுவது அப்போதுதான்.

அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஹார்டுவேர் கடை. மாதம் 182 கொள்முதல் பில்கள். டேலியிலிருந்து எடுத்த பட்டியலை ஒரு ஷீட்டிலும் 2பி-யை இன்னொரு ஷீட்டிலும் வைத்து, பில் நம்பரை அப்படியே ஒப்பிட்டாள். 97 மட்டுமே பொருந்தின. பயந்துபோய் எனக்கு போன் செய்தாள். பயப்பட ஒன்றுமில்லை, முதல் முறை எல்லோருக்கும் இப்படித்தான் வரும். விற்றவர் `KT/0347` என்று போட்டிருப்பார், கடையில் தட்டச்சு செய்த பையன் `kt-0347` என்று போட்டிருப்பான். அதனால் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து, கோடுகளை நீக்கி, ஒரு பொதுச் சாவி செய்துகொள்ள வேண்டும். A-யில் ஜி.எஸ்.டி. எண், B-யில் பில் நம்பர், D-யில் வரித்தொகை இருந்தால், இரண்டு ஷீட்டிலும் F-இல் முதல் வரியைப் போட வேண்டும். கடையின் ஷீட்டில் மட்டும் அடுத்த இரண்டும்:

```
=A2&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(TRIM(B2)),"/",""),"-","")
=COUNTIF('2B'!F:F,F2)
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!D:D,D2)
```

இரண்டாவது வரி 1 என்று காட்டினால் பில் பொருந்தியது, 0 என்றால் 2பி-யில் இல்லை. இப்போது 141 பொருந்தின. சில பில்களில் பையன் வெறும் `347` என்று மட்டும் போட்டிருந்தான். அவற்றுக்குத்தான் மூன்றாவது வரி. நம்பரை விட்டுவிட்டு, அதே ஜி.எஸ்.டி. எண்ணில் அதே வரித்தொகை இருக்கிறதா என்று அது தேடும். அதில் இன்னும் 23 கிடைத்தன. இந்த 23-ஐ மட்டும் தேதியோடு வைத்துக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே தொகைக்கு இரண்டு முறை சரக்கு வாங்கியிருந்தால் சூத்திரம் ஏமாந்துவிடும்.

மிச்சம் 18. கூலி கிடைப்பது உண்மையில் இந்தப் பதினெட்டுக்காகத்தான். அவற்றில் 10 பில்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் சிறு வியாபாரிகளுடையவை, அல்லது தாமதமாகக் காட்டியவை. பின்னால் வந்துவிடும், குறித்து வைத்தால் போதும். 5 பில்களில் கடைப் பையன் ஜி.எஸ்.டி. எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தைப் போட்டிருந்தான். மீதி 3 பில்கள் ஒரே வியாபாரியிடம் வாங்கியவை. அவர் தன் கணக்கில் இவற்றை ஜி.எஸ்.டி. எண் இல்லாத சில்லறை விற்பனையாகக் காட்டியிருந்தார். எவ்வளவு காத்திருந்தாலும் அவை 2பி-யில் வராது. அவரே திருத்திக் காட்ட வேண்டும். மூன்றிலும் சேர்த்து வரி 10,800 ரூபாய். கடைக்காரர் அன்றே அவருக்கு போன் போட்டார். இது போக, கடையின் சொந்தப் பட்டியலிலேயே சாவியை எண்ணிப் பார்த்ததில் இரண்டு பில்கள் இருமுறை பதிவாகியிருந்தன. இதைப் பார்க்காமல் விட்டால் எடுக்கக்கூடாத இன்புட்டை எடுத்ததாகப் பின்னால் நோட்டீஸ் வரும்.

கண்டிப்பாக ஒரு எல்லை போட்டுக் கொடுத்தேன். கடையின் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ வாங்கக்கூடாது. டவுன்லோடு செய்த எக்செல் கோப்பு போதும். எந்த இன்புட்டை எடுப்பது என்று முடிவு செய்வதும் படிவம் கட்டுவதும் ஆடிட்டர் வேலை. அவள் தருவது காரணங்களோடு ஒரு பட்டியல் மட்டும்.

மாதம் 1,200 ரூபாய் என்று பேசியிருந்தாள். முதல் மாதம் 7 மணி நேரம் ஆனது, மணிக்கு 170 ரூபாய் தேறியது. மூன்றாம் மாதம் அதே கடைக்கு இரண்டரை மணி நேரம்தான். அதே கூலி, மணிக்கு 480 ரூபாய். எந்த வியாபாரி எப்படி நம்பர் போடுவார் என்பது அதற்குள் பழகிவிட்டது. மணிக்கணக்கில் கூலி பேசியிருந்தால் வேகமானதற்குத் தண்டனைதான் கிடைத்திருக்கும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. குளித்தலையிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வரவே அவளுக்குத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியும். ஆடிட்டருக்கு 18-ஆம் தேதி இரவுக்குள் கொடுக்க வேண்டும் என்றால் 14 முதல் 18 வரை ஐந்து மாலைகள், மொத்தம் 10 மணி நேரம். மாதத்தின் மற்ற நாட்களில் எவ்வளவு ஓய்வு இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. பழகிய கடை ஒன்றுக்கு இரண்டரை மணி, சந்தேகம் கேட்க அரை மணி என்றால் மூன்று கடைகள்தான் தாங்கும். புதுக் கடைக்கு முதல் மாதம் 7 மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு மாதத்தில் ஒரு புதுக் கடைக்கு மேல் எடுக்கவே கூடாது. இரண்டாம் மாதமே ஆடிட்டர் இன்னும் இரண்டு கடைகளைத் தருவதாகச் சொன்னார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை மறுத்தாள். எனக்கு அவள்மீது நம்பிக்கை வந்தது அப்போதுதான். எந்த வேலையை எடுத்தாலும், அது மாதத்தின் எந்த நாட்களில் வந்து விழும் என்று காலண்டரில் குறித்து, பக்கத்திலேயே தேர்வுத் தேதிகளையும் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

வலைத்தளங்களை நான்காம் மாதம் வரை தொடவேண்டாம் என்றேன். அப்வொர்க்கில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க 'கனெக்ட்' என்ற டோக்கன்கள் செலவாகும். ஒன்றின் விலை 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து கனெக்ட் என்றால், பன்னிரண்டு விண்ணப்பங்களுக்கு 18 டாலர் போய்விடும். கிடைக்கும் முதல் வேலை 20 டாலர். அதில் பத்து சதவீதக் கமிஷன் போனால் கையில் 18 டாலர். கணக்கு நேராகிவிட்டது, மிச்சம் பூஜ்யம். ஃபைவரில் விண்ணப்பச் செலவு இல்லை, ஆனால் சம்பாதிப்பதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். வாங்குபவர் நம்மைத் தேடி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரு மதிப்புரைகூட இல்லாத கணக்கை யாரும் எளிதில் தேடி வருவதில்லை.

மூன்று மாத உள்ளூர் வேலைக்குப் பிறகு அவள் அப்வொர்க் ஒன்றில் மட்டும் கணக்குத் தொடங்கினாள். அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் ஜி.எஸ்.டி. 2பி யாருக்கும் வேண்டாம். ஆனால் இரண்டு பட்டியல்களைப் பொருத்துவது எல்லோருக்கும் வேண்டும். ஆன்லைன் கடைக்காரரின் விற்பனைப் பட்டியல் ஒன்று, வங்கியில் வந்து சேர்ந்த பணம் இன்னொன்று. அதே சாவி, அதே மூன்று சூத்திரங்கள். கடையின் பெயர், எண்கள் எல்லாவற்றையும் மாற்றி, தானே தயாரித்த ஒரு மாதிரிக் கோப்பைத்தான் அங்கே காட்டினாள். வாடிக்கையாளரின் உண்மைக் கணக்கைக் காட்டியிருந்தால் அது துரோகம். விண்ணப்பிக்கும் முன் அவள் பார்ப்பது இரண்டு: வேலை கொடுப்பவரின் பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கிறார். மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், பணத்தைத் தளத்திடம் முன்பே கட்டியிருப்பதைத் திரையில் பார்த்த பிறகே தொடங்குவாள்.

அந்த நோட்டில் இருந்த டேட்டா என்ட்ரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, படிவம் நிரப்பும் வேலையில் சேர்ந்தாள். ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வாரக் கடைசியில் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 6,000 ரூபாய் கட்டு, இல்லையென்றால் வழக்கு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வந்தது. அந்தப் பெண் வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வேலை என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. பயமுறுத்திப் பணம் பறிப்பதற்காகவே நடத்தும் மோசடி அது. பணம் கட்டக்கூடாது, நோட்டீஸையும் உரையாடலையும் பத்திரப்படுத்தி, 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ புகார் கொடுக்க வேண்டும். கூலி தருபவர் நம்மிடம் பணம் கேட்டால், அது பதிவுக் கட்டணமோ டெபாசிட்டோ அபராதமோ, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நம் வங்கிக் கணக்கையோ அப்வொர்க் கணக்கையோ வாடகைக்குக் கேட்பவரிடமும் அப்படித்தான். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் முடக்கப்படுவது நம் கணக்கு.

நவம்பரில் அவளுக்கு செமஸ்டர் தேர்வு. மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் 17-ஆம் தேதி. அக்டோபர் கடைசியிலேயே ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

"அடுத்த மாசம் பரீட்சைங்க அண்ணா. கொள்முதல் பட்டியலை அஞ்சாந்தேதியே அனுப்பிட்டீங்கன்னா நம்பரையெல்லாம் முன்னாடியே சரி பண்ணி வெச்சுக்குவேன். 2பி வந்ததும் அன்னைக்கு ராத்திரியே முடிச்சுக் கொடுத்துடறேன்."

"பையன் பத்தாந்தேதிக்கு முன்னாடி பில் ஏத்த மாட்டானே, கண்ணு."

"அவனுக்கு நான் சொல்லித் தர்றேங்கண்ணா. பூஜ்யத்துக்கு ஓ போடாம இருக்கறதையும் சேர்த்து."