குளிர்ந்த பிறகு சூடாகும் இடம்

அரை மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் வெப்பம் கசியாதபடி அதைச் சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு கட்டியிருக்கிறது. கம்பி முழுவதும் அறையின் வெப்பநிலையில், அதாவது 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. இப்போது ஒரே நொடியில் அதன் இடது முனையைக் கொதிக்கும் நீரிலும் வலது முனையை உருகும் பனிக்கட்டியிலும் வைக்கிறார்கள். இடது முனை 100 டிகிரி, வலது முனை 0. இவை இரண்டும் இனி மாறப்போவதில்லை.

வலது முனையிலிருந்து பன்னிரண்டரை சென்டிமீட்டர் உள்ளே ஒரு வெப்பமானி பொருத்தியிருக்கிறது. வெகுநேரம் கழித்து அது 25 டிகிரி காட்டும் என்று கணக்கு சொல்கிறது. தொடக்கம் 30, முடிவு 25. அப்படியானால் வெப்பநிலை 30-லிருந்து மெல்ல இறங்கி 25-இல் வந்து நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. முதல் பன்னிரண்டு நிமிடங்களில் அது 18 டிகிரி வரை இறங்குகிறது. அதன்பின் திரும்பி ஏறத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஆகும்போது 24-ஐத் தாண்டுகிறது. இறுதி நிலைக்குக் கீழே ஏழு டிகிரி போய்விட்டு அந்த இடம் ஏன் திரும்பி வருகிறது? கம்பியின் வெப்பநிலையை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவாகிவிடும்.

கம்பிக்குள் வெப்பம் பரவுவதை ஆளும் சமன்பாடு சிறியது:

∂u/∂t = α ∂²u/∂x²

இதில் u வெப்பநிலை, t நேரம், x இடது முனையிலிருந்து உள்ள தொலைவு. α என்பது அந்தப் பொருளில் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண். சமன்பாடு சொல்லும் செய்தி இதுதான்: ஓர் இடம் தன் இருபுறமும் உள்ள இடங்களின் சராசரியைவிடக் குளிர்ந்திருந்தால் சூடேறும், சராசரியைவிடச் சூடாக இருந்தால் குளிரும். சராசரியோடு பொருந்திவிட்டால் மாற்றம் நின்றுவிடும்.

இதைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியர். கிரெனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக இருந்துகொண்டே அவர் எழுதிய ஆய்வுரை 1807-இல் பாரிஸில் உள்ள அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. எந்த வெப்பநிலைப் பரவலையும் சைன் வளைவுகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது அதில் இருந்த துணிச்சலான கருத்து. அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவரான லக்ராஞ்ச் அதை ஏற்கவில்லை. ஃபூரியரின் புத்தகம் 1822-இல்தான் வெளிவந்தது.

ஃபூரியர் சைன் வளைவுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரு முனைகளும் 0 டிகிரியில் இருக்கும் கம்பியில் வெப்பநிலை ஒரு சைன் வளைவாகத் தொடங்கினால், அது கடைசிவரை அதே வடிவத்தில்தான் இருக்கும். உயரம் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஒரே மேடுள்ள வளைவு மெதுவாகத் தேயும். கம்பியின் நீளத்துக்குள் ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக இரண்டு அரைவளைவுகள் இருந்தால் நான்கு மடங்கு வேகமாகத் தேயும், மூன்று இருந்தால் ஒன்பது மடங்கு. மேடும் பள்ளமும் நெருங்கியிருந்தால் வெப்பம் கடக்க வேண்டிய தூரம் குறைவு. அதனால் அவை சீக்கிரம் சமமாகிவிடுகின்றன.

ஆனால் இந்த முறை முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. முனைகள் சுழியத்தில் இருக்க வேண்டும். இந்த வளைவுகள் ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் சுழியம். அவற்றை எத்தனை கூட்டினாலும் முனையில் சுழியம்தான் வரும், 100 வராது. முனையில் 100 இருக்கும் தீர்வுகளையே தேடிக் கூட்டிப் பார்க்கலாமா என்றால் அதுவும் பலிக்காது. அத்தகைய இரண்டைக் கூட்டினால் முனை 200 டிகிரி ஆகிவிடும். கூட்டினாலும் கெடாத முனை வெப்பநிலை சுழியம் ஒன்றுதான்.

ஆகவே 100 டிகிரியைச் சுமக்கும் வேலையை வேறொரு பகுதியிடம் ஒப்படைக்க வேண்டும். வெகுநேரம் கழித்து எல்லா மாற்றமும் நின்ற பிறகு கம்பி எப்படி இருக்கும் என்று முதலில் கேட்கலாம். அப்போது ஒவ்வோர் இடமும் தன் இருபுறத்தின் சராசரியாக இருக்க வேண்டும். அப்படி இருக்கும் வடிவம் நேர்கோடுதான். இடது முனையில் 100, வலது முனையில் 0, நடுவே 50 சென்டிமீட்டர். எனவே சென்டிமீட்டருக்கு 2 டிகிரி வீதம் இறங்கும் கோடு அது: 100 − 2x. இதுவே நிலைத்த பகுதி.

இந்தக் கோட்டில் α வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பானாலும் செம்பானாலும் இறுதியில் அமையும் கோடு ஒன்றேதான். மாற்றம் நின்றுவிட்டது என்பதால் வெப்பம் ஓடுவது நின்றுவிட்டது என்றும் பொருளில்லை. இரும்புக் கம்பியின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால், அந்த நிலையிலும் ஏறக்குறைய 1.6 வாட் வெப்பம் கொதிநீரிலிருந்து பனிக்கட்டிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்துக்கு வருவதும் அங்கிருந்து போவதும் சமமாக இருப்பதால்தான் வெப்பமானி அசையாமல் நிற்கிறது.

அடுத்து, கம்பியின் உண்மையான வெப்பநிலையிலிருந்து இந்தக் கோட்டைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது மறையும் பகுதி. முனைகளில் உண்மையும் கோடும் ஒன்றாக இருப்பதால், மறையும் பகுதி இரு முனைகளிலும் சுழியம். கோடு நேராகவும் மாறாமலும் இருப்பதால் அதைக் கழித்தபிறகும் சமன்பாடு அப்படியே இருக்கிறது. ஃபூரியரின் வளைவுகளுக்குத் தேவையான நிபந்தனை இப்போது கிடைத்துவிட்டது.

தொடக்கத்தில் கம்பி எங்கும் 30. அதிலிருந்து கோட்டைக் கழித்தால் 2x − 70. இடது முனையருகே கம்பி தன் இறுதி நிலைக்கு 70 டிகிரி கீழே இருக்கிறது, வலது முனையருகே 30 டிகிரி மேலே இருக்கிறது. இந்தப் பற்றாக்குறையையும் மிகுதியையும் சைன் வளைவுகளாகப் பிரித்தால், ஒரே அரைவளைவுள்ள முதல் வளைவின் அளவு −25.5 டிகிரி என்றும், இரண்டாம் வளைவின் அளவு −31.8 என்றும் வருகிறது. இரண்டாவது முதலாவதைவிடப் பெரியது. ஆனால் அது நான்கு மடங்கு வேகமாகத் தேய்வது. இரும்புக்கு α சதுர சென்டிமீட்டரில் வினாடிக்கு 0.23 அளவில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் முதல் வளைவு தன் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய 18 நிமிடம் ஆகிறது, இரண்டாம் வளைவுக்கு நாலரை நிமிடமே போதும்.

வெப்பமானி இருக்கும் இடத்துக்கு இப்போது வருவோம். அங்கே முதல் வளைவு −18 டிகிரி தருகிறது, அதாவது அந்த இடத்தைக் கீழே இழுக்கிறது. இரண்டாம் வளைவு அங்கே குறி மாறி +31.8 தருகிறது. மற்ற சிறு வளைவுகளையும் சேர்த்தால் கூட்டுத்தொகை சரியாக +5. தொடக்கத்தில் 30 இருந்ததற்குக் கணக்கு இதுதான். ஆனால் மேலே தூக்கிப் பிடித்திருந்த இரண்டாம் வளைவு விரைவில் தேய்ந்துபோகிறது, கீழே இழுக்கும் முதல் வளைவு நீடிக்கிறது. அதனால் வெப்பநிலை 25-ஐக் கடந்து 18 வரை இறங்குகிறது. பிறகு முதல் வளைவும் தேயத் தேய, வெப்பநிலை 25-ஐ நோக்கி ஏறுகிறது.

இயற்பியலாகப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. பனிக்கட்டி அந்த இடத்திலிருந்து பன்னிரண்டரை சென்டிமீட்டரில் இருக்கிறது, கொதிநீர் அதைப்போல் மூன்று மடங்கு தொலைவில் இருக்கிறது. வெப்பம் பரவ ஆகும் நேரம் தொலைவின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மூன்று மடங்கு தொலைவுக்கு ஒன்பது மடங்கு நேரம். பக்கத்து முனையின் குளிர் வந்து சேர்ந்து வெகுநேரம் ஆனபிறகுதான் தூரத்து முனையின் சூடு வந்து சேர்கிறது.

கம்பியின் நடுவில் கதை எளிது. இரண்டாம் வளைவு அங்கே சுழியம் என்பதால் முதல் வளைவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 30-இல் தொடங்கும் நடுப்புள்ளி 18 நிமிடத்தில் 40.6 டிகிரியை எட்டுகிறது. தன் இறுதி நிலையான 50-க்கு ஒரு டிகிரி அருகில் வர ஒரு மணி நேரம் பிடிக்கிறது. செம்புக் கம்பி என்றால் அதே வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இரும்பே ஆனாலும் நீளத்தை இரட்டித்தால் நான்கு மணி நேரம் ஆகும்.

கல்லூரியில் இந்தக் கணக்கைப் போடும் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முனைகளைச் சுழியமாக்கக் கோட்டைக் கழிப்பார்கள். ஆனால் தொடக்க வெப்பநிலையிலிருந்து அதைக் கழிக்காமல், பழைய 30-ஐயே வளைவுகளாகப் பிரித்துவிடுவார்கள். விடை பார்க்க ஒழுங்காகவே இருக்கும், வெகுநேரம் கழித்துச் சரியான கோட்டையும் அடையும். பிழையைப் பிடிக்க ஒரே சோதனை போதும்: நேரம் சுழியமாக இருக்கும்போது நடுப்புள்ளி என்ன காட்டுகிறது? கோட்டின் 50-உம் கழிக்காத 30-உம் சேர்ந்து 80 வரும். அறை வெப்பநிலையில் இருந்த கம்பி தொடக்கத்திலேயே 80 டிகிரியில் இருக்க வழியில்லை.

இன்னொரு சிக்கல் முதல் சில வினாடிகளில் வருகிறது. இடது முனை திடீரென 100-க்குப் போகிறது, அதை ஒட்டிய பகுதி இன்னும் 30-இல் இருக்கிறது. இந்தச் செங்குத்தான தாவலை இரண்டு மூன்று வளைவுகளால் வரைய முடியாது. வரைந்தால் இல்லாத அலைகள் படத்தில் தோன்றும். பத்தாவது வினாடிக்குச் சரியான விடை வேண்டுமென்றால் ஏறக்குறைய இருபது வளைவுகளைக் கூட்ட வேண்டும். ஆறு நிமிடம் கடந்துவிட்டால் முதல் இரண்டே போதும், அரை டிகிரிக்குள் விடை வந்துவிடும்.

பக்கவாட்டில் வெப்பம் கசிந்தால் நிலைத்த பகுதி நேர்கோடாக இருக்காது, கீழ்நோக்கித் தொய்ந்த வளைவாகிவிடும். அப்போதும் பிரித்தல் அப்படியே செல்லும், கழிக்கும் வடிவம்தான் மாறும். கொதிநீர் மெல்ல ஆறிக்கொண்டே போனால் நிலைமை சற்றுக் கடினம். ஒவ்வொரு கணத்துக்கும் அப்போதைய முனை வெப்பநிலைகளை இணைக்கும் கோட்டைக் கழிக்கலாம், மறையும் பகுதியின் முனைகளும் சுழியமாகும். ஆனால் கழிக்கும் கோடே நகர்ந்துகொண்டிருப்பதால், சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்பு சேர்ந்துவிடும். அதையும் வளைவுகளாகப் பிரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

முற்றிலும் பலிக்காத ஒரு நிலையும் இருக்கிறது. முனைகளின் வெப்பநிலையை நிறுத்திப் பிடிக்காமல், இரு முனைகளிலும் மின் சூடேற்றியை வைத்து, இடைவிடாமல் வெப்பத்தை உள்ளே செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் உள்ளே வந்தபடி இருக்கிறது, வெளியேற வழியில்லை. கம்பி சூடாகிக்கொண்டே போகும். நிலைத்த கோடு ஒன்று இருந்தால் அதன் சரிவு இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கோ இடது முனை இறங்கும் சரிவைக் கேட்கிறது, வலது முனை ஏறும் சரிவைக் கேட்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் நேர்கோடு கிடையாது. அதனால் அங்கே நேரத்தோடு சீராக ஏறிக்கொண்டே போகும் ஒரு வளைவைத்தான் முதலில் கழிக்க வேண்டியிருக்கிறது.