லாரி எந்த அறையில்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் இருக்கிறது பிள்ளைப்பாக்கம். அங்கே சிப்காட் வளாகத்துக்குள் நுழைந்தால் கம்பெனி வாசல்களில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கேட்டில் இருப்பவர் லாரியின் எண்ணைக் கேட்பார், கம்ப்யூட்டரில் தட்டுவார். எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன சரக்கு, எந்த ஷெட்டுக்குப் போகவேண்டும் என்ற விவரமெல்லாம் திரையில் வந்துவிடும்.

அப்படி ஒரு நிரலை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். லாரி எண்களை வந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து கீழே வரை தேடவேண்டும். ஐயாயிரம் லாரி இருந்து, நமக்கு வேண்டியது கடைசியில் கிடந்தால் ஐயாயிரம் முறை பார்க்கவேண்டியதுதான். வேறு வழி ஒன்று தோன்றலாம். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையே அறை எண்ணாக வைத்து, 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் அறை கட்டிவிட்டால் என்ன? நேராக அந்த அறையைத் திறந்து பார்த்துவிடலாம்! ஆனால் உள்ளே நிற்பது ஆறே ஆறு லாரி என்றால், 9,994 அறைகள் சும்மா கிடக்கும். எழுத்துகளையும் சேர்த்து முழுப் பதிவெண்ணுக்கும் அறை கட்டப் புறப்பட்டால் கணக்கு கோடிகளில் போய் நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதன் பெயர் ஹேஷ் டேபிள். பொறியியல் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் ஆசிரியர் இதைச் சொல்லித்தரும்போது, பலகையில் பத்து கட்டம்தான் போடுவார். நமக்கும் பத்து போதும். 0 முதல் 9 வரை அறைகள். லாரி எண்ணைப் பத்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது, எண்ணின் கடைசி இலக்கம். அதுதான் அறை எண். நிரலில் இப்படி எழுதுவார்கள்:

```
4512 % 10
```

விடை 2. நாம் தேடப் பயன்படுத்தும் லாரி எண்ணுக்குச் 'சாவி' என்று பெயர். சாவியை அறை எண்ணாக மாற்றித்தரும் இந்தச் சின்னக் கணக்குக்கு ஹேஷ் ஃபங்ஷன் என்று பெயர். அறைக்குள் சாவியையும் எழுதி வைக்கவேண்டும், லாரியின் விவரத்தையும் எழுதி வைக்கவேண்டும். சாவியை ஏன் எழுதவேண்டும் என்பது இதோ, கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆறு லாரிகள் இந்த வரிசையில் வருகின்றன: 4512, 3087, 6204, 1932, 7723, 8852. எல்லாம் நானாக எழுதிய எண்கள்தான். 4512 இரண்டாம் அறைக்குப் போகிறது. 3087 ஏழுக்கு. 6204 நான்குக்கு. இதுவரை சுகமாகப் போகிறது. அடுத்து 1932 வருகிறது. அதற்கும் இரண்டாம் அறைதான்! அங்கேயோ 4512 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சாவிகள் ஒரே அறைக்கு வருவதை மோதல் என்கிறோம்.

'பத்து அறை, ஆறே லாரி, மோதல் வருவது அபூர்வம்' என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் லாரிக்குப் பத்து அறையும் காலி. இரண்டாவதுக்கு ஒன்பது, மூன்றாவதுக்கு எட்டு, ஆறாவது வரும்போது ஐந்து. 10 × 9 × 8 × 7 × 6 × 5 = 1,51,200. இதை, ஆறு லாரிக்கும் தலா பத்து அறை என்று பெருக்கினால் வரும் பத்து இலட்சத்தால் வகுத்தால், மோதலே இல்லாமல் போக 100-க்குச் சுமார் 15 வாய்ப்புதான். மீதி 85 தடவை யாராவது இருவர் மோதியே தீருவார்கள். ஆகவே மோதலைத் தடுக்க மெனக்கெடுவதைவிட, மோதினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு வழி: அறையில் ஆள் இருந்தால் அடுத்த அறையைப் பார். அங்கேயும் ஆள் இருந்தால் அதற்கடுத்தது. ஒன்பதும் நிரம்பியிருந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. இதை லீனியர் ப்ரோபிங் என்பார்கள். 1932 மூன்றாம் அறைக்கு நகர்கிறது. அடுத்து வரும் 7723-ஐக் கவனியுங்கள். அதற்கு மூன்றாம் அறை. 3-இல் முடியும் வேறு லாரியே நம்மிடம் இல்லை. ஆனாலும் இடம் தேடி வந்த 1932 அங்கே உட்கார்ந்துவிட்டது. நான்கிலோ 6204. ஐந்தில்தான் இடம் கிடைக்கிறது. கடைசியாக வரும் 8852 இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தட்டிக்கொண்டே போய் ஆறில் அமர்கிறது.

```
0 : -
1 : -
2 : 4512
3 : 1932
4 : 6204
5 : 7723
6 : 8852
7 : 3087
8 : -
9 : -
```

இப்போது கேட்டில் 7723 என்று தட்டுகிறார்கள். கடைசி இலக்கம் 3. மூன்றாம் அறையைத் திறந்தால் அங்கே எழுதியிருக்கும் சாவி 1932, நாம் தேடியது இல்லை. நான்கில் 6204, அதுவும் இல்லை. ஐந்தில் 7723, கிடைத்துவிட்டது! அறைக்குள் சாவியையும் எழுதி வைத்தது இதற்குத்தான். எழுதாமல் விட்டிருந்தால் 1932-இன் சரக்கை 7723-இன் சரக்கு என்று சொல்லிவிடும்.

வராத லாரியைத் தேடினால்? 5513 என்று தட்டிப் பாருங்கள். மூன்றிலிருந்து ஏழு வரை எல்லாம் வேறு லாரிகள். எட்டு காலி. 5513 வந்திருந்தால் இந்தக் காலி அறையில் உட்காராமல் தாண்டிப் போயிருக்காது. ஆகவே அது வரவில்லை என்று அடித்துச் சொல்லலாம். அதாவது, காலி அறை என்றால் 'தேடலை நிறுத்து' என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் முதன்முதலாக நிரல் எழுதுகிறவர்கள் வழுக்குகிறார்கள். 1932 சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்புகிறது. மூன்றாம் அறையை அழித்துக் காலியாக்கிவிட்டீர்கள். இப்போது 7723-ஐத் தேடுங்கள். மூன்றாம் அறை காலி. உடனே நிரல் 'அப்படி ஒரு லாரி இல்லை' என்று சொல்லிவிடும். லாரியோ ஐந்தாம் அறையில் பத்திரமாக இருக்கிறது! அட்டவணையில் எதுவும் தொலையவில்லை, தேடும் வழிதான் நடுவில் அறுந்துவிட்டது. பொல்லாத பிழை இது. எல்லா லாரியும் உள்ளே இருக்கும்வரை நிரல் சரியாகவே ஓடும், ஒன்று வெளியேறிய பிறகுதான் வேறொன்று காணாமல் போகும். இதற்கு மருந்து, போன லாரியின் அறையில் 'இங்கே ஒருவர் இருந்தார்' என்று ஓர் அடையாளம் வைப்பது. தேடுகிறவர் அதைப் பார்த்தால் நிற்காமல் அடுத்த அறைக்குப் போவார். புதிதாக வரும் லாரி அந்த அறையை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி இந்தத் தொல்லையே இல்லாதது. மோதுகிறவர்களை வேறு அறைக்கு விரட்டாமல் அதே அறையில் ஒரு சங்கிலியாகக் கோத்துவிடுவது. இரண்டாம் அறையில் 4512, அதன் பின்னால் 1932, அதன் பின்னால் 8852. 7723 தன் மூன்றாம் அறையிலேயே நிம்மதியாக இருக்கும். 1932 கிளம்பினால் அந்தக் கண்ணியை மட்டும் கழற்றிவிட்டு, 4512-ஐயும் 8852-ஐயும் இணைத்துவிட்டால் போதும். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953 ஜனவரியில் எழுதிய குறிப்பிலேயே இந்தச் சங்கிலி யோசனை இருக்கிறது. ஆறு லாரிகளையும் ஒவ்வொரு முறை தேட, முதல் வழியில் மொத்தம் 13 தடவை பார்க்கவேண்டும், சங்கிலி வழியில் 9 தடவைதான். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் 'அடுத்தவர் எங்கே' என்பதைக் குறித்துவைக்கக் கூடுதல் நினைவகம் கேட்கும். இலவசமாக எதுவும் இல்லை!

லீனியர் ப்ரோபிங்கில் அட்டவணை நிரம்ப நிரம்ப என்ன ஆகும் என்பதை 1962-இல் டொனால்ட் கனூத் என்ற இளைஞர் கணக்கிட்டார். பெரிய அட்டவணையில் பாதி அறைகள் நிரம்பியிருந்தால், இல்லாத சாவியைத் தேட சராசரியாக இரண்டரை அறை பார்த்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிவிட்டால் அதுவே ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. காரணத்தை நம் அட்டவணையிலேயே பார்க்கலாம். 2 முதல் 7 வரை ஒரே கூட்டம். அந்த ஆறு அறைகளில் எதற்கு வருகிறவரும் எட்டில்தான் போய் விழுவார், கூட்டம் இன்னும் நீளும். அட்டவணை முழுவதும் நிரம்பிய நிலைக்குக் கணக்குப் போடும்போது கனூத்துக்குக் கிடைத்த தொடர் யாருடையது தெரியுமா? நம் கும்பகோணத்து ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் கேட்ட ஒரு கேள்வியோடு தொடர்புடையது அது! அந்தத் தொடரை கனூத் 'ராமானுஜனின் Q' என்றே அழைக்கிறார். ராமானுஜன் காலத்தில் கம்ப்யூட்டரே கிடையாது.

அதனால் அட்டவணை முழுக்க நிரம்பும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஜாவா மொழியின் ஹேஷ்மேப் வழக்கமாக முக்கால் பங்கு தாண்டியதும் இரண்டு மடங்கு அறைகளோடு புது அட்டவணை கட்டிக்கொள்ளும். பழையதை அப்படியே நகலெடுக்க முடியாது. நம் பத்து அறை இருபதாகிவிட்டால் 20-ஆல் வகுத்து மீதி பார்க்கவேண்டும். 4512 இரண்டில் இருந்து 12-க்குப் போகும், 6204 நான்கிலேயே இருக்கும். ஒவ்வொரு சாவியையும் மறுபடி கணக்குப் போட்டுத்தான் குடியேற்றவேண்டும்.

எந்த எண்ணால் வகுப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வண்டி வாங்குகிறவர்கள் 1010, 2020, 3030 என்று ஃபேன்ஸி நம்பர் கேட்பார்களே, பத்தால் வகுத்தால் எல்லாம் பூஜ்யத்தில் போய்க் குவியும். 11-ஆல் வகுத்தால் அவை 9, 7, 5 என்று அழகாகப் பிரியும். ஆனால் 1111, 7777, 4554 வந்தால்? முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கும் நான்கு இலக்க எண் எதுவானாலும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். மறுபடி எல்லாரும் பூஜ்யம்! எல்லாச் சாவிக்கும் பொருந்தும் ஒரே வகுத்தி கிடையாது. என்ன மாதிரி சாவிகள் வரும் என்று தெரிந்த பிறகுதான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

நம் ஆறு லாரிகளையும் அதே வரிசையில், 0 முதல் 10 வரை பதினோரு அறை போட்டு, 11-ஆல் வகுத்து, லீனியர் ப்ரோபிங் முறையில் நீங்களே அமர்த்திப் பாருங்கள். 1932 எட்டிலும் 8852 ஒன்பதிலும் வந்து உட்கார்ந்தால் உங்கள் கணக்கு சரி.