முடிந்துபோன கட்டடத்தை எப்போது தூக்கி எறிவது?

ஒரு கட்டடத்தைச் சொல்ல மூன்று எண்கள் போதும்: இடது ஓரம், வலது ஓரம், உயரம். முன்னும் பின்னுமாக நிற்கும் பல கட்டடங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால், அவை ஒன்றையொன்று மறைத்து, மேலே ஏறி இறங்கும் ஒரே கோடு மட்டும் மிஞ்சும். அந்த மூன்றெண்களை வைத்து இந்தக் கோட்டைக் கணினி வரைய வேண்டும். இதுதான் ஸ்கைலைன் கணக்கு. உடி மேன்பர் 1989இல் வெளியிட்ட அல்காரிதம் பாடநூலில் இது இருக்கிறது. அவர் கட்டடங்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தீர்த்தார். இங்கே பார்க்கப்போவது வேறு வழி.

மூன்று கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ 1இல் தொடங்கி 12இல் முடிகிறது, உயரம் 6. ‘ஆ’ 2 முதல் 5 வரை, உயரம் 9. ‘இ’ 4 முதல் 9 வரை, உயரம் 14. ஒவ்வொரு இடத்திலும் எது உயரம் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஓரங்கள் கோடிக்கணக்கான எண்களாக இருந்தால் அது ஆகாது. கோடு மாறக்கூடிய இடங்கள் கட்டடங்களின் ஓரங்கள் மட்டுமே. ஆகவே ஓரங்களை வரிசைப்படுத்தி, ஒரு செங்குத்துக் கோட்டை இடமிருந்து வலமாக அவற்றில் மட்டும் நிறுத்தி நிறுத்தி நகர்த்தினால் போதும். இதற்கு ஸ்வீப் லைன் என்று பெயர்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்விதான்: இப்போது நிற்பவற்றில் எது மிக உயரம்? அதற்குத்தான் மேக்ஸ் ஹீப். அதில் மிகப் பெரியது எப்போதும் உச்சியில் இருக்கும். உச்சியைப் பார்ப்பதற்கு நேரமே ஆகாது. அதை எடுப்பதும் மலிவு. ஆனால் உச்சிக்குக் கீழே முழு வரிசை கிடையாது. நடுவில் எங்கோ கிடக்கும் ஒரு கட்டடத்தை நீக்க வேண்டுமானால், முதலில் அதைத் தேட வேண்டும். தேடல் மொத்தக் குவியலையும் புரட்டிவிடலாம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. 1இல் ‘அ’ உள்ளே போகிறது. கோடு 6க்கு எழுகிறது. 2இல் ‘ஆ’ வந்ததும் 9. 4இல் ‘இ’ வந்ததும் 14. 5இல் ‘ஆ’ முடிகிறது, ஆனால் அது ‘இ’க்குக் கீழே கிடக்கிறது. அதை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே விடை. ‘இ’ உச்சியில் இருக்கும்வரை ‘ஆ’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு 14தான். இந்தத் தள்ளிப்போடலைத்தான் சோம்பேறி நீக்கம் என்கிறார்கள். பெயர்தான் அப்படி, கணக்கு கச்சிதமானது.

தள்ளிப்போட்ட வேலை 9இல் வந்து நிற்கிறது. அங்கே ‘இ’ முடிகிறது, உச்சியிலிருந்து எடுத்துவிடுகிறோம். அடுத்து உச்சிக்கு வருவது ‘ஆ’. அதன் வலது ஓரம் 5, எப்போதோ முடிந்துவிட்டது. அதையும் எடுக்கிறோம். இப்போது ‘அ’ மேலே வருகிறது, அது 12 வரை நிற்கும். கோடு 6க்கு இறங்குகிறது. 12இல் குவியல் காலியாகி, கோடு தரையைத் தொடுகிறது. விடை: (1,6), (2,9), (4,14), (9,6), (12,0).

பலர் சறுக்குவது இந்த 9இல்தான். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால், இல்லாத ‘ஆ’ 9 உயரத்துக்குப் பேய்போல எழுந்து நிற்கும். ஆகவே `if` அல்ல, `while` வேண்டும். குவியலில் ஒவ்வொரு கட்டடத்தின் உயரத்தோடு வலது ஓரத்தையும் சேர்த்து வைப்பதும் இதற்காகத்தான். பைத்தானில்:

```python
while heap and heap[0][1] <= x:
    heappop(heap)
```

பைத்தானின் `heapq` சிறியதைத்தான் உச்சியில் வைக்கும். அதனால் உயரத்தைக் கழித்தல் குறியோடு, (-14, 9) என்று போடுவது வழக்கம்.

இன்னொரு குழி: ‘அ’ முடியும் அதே 12இல், அதே 6 உயரத்தில் ‘ஈ’ தொடங்குகிறது என்று வையுங்கள். முடிவை முதலில் பதிந்துவிட்டு, பிறகு தொடக்கத்தைப் பார்த்தால் (12,0), (12,6) என்று இல்லாத ஒரு பள்ளம் வந்துவிடும். ஓர் இடத்தில் தொடங்குபவை எல்லாம் உள்ளே போன பிறகு, முடிந்தவற்றை உச்சியிலிருந்து நீக்கி, கடைசியில் ஒரே ஒருமுறை உச்சியைப் பார்க்க வேண்டும். முந்தைய உயரத்திலிருந்து அது மாறியிருந்தால் மட்டுமே புள்ளி வைக்க வேண்டும். ‘ஈ’ வந்த கதையில் 12இல் புள்ளியே வராது.

சோம்பலுக்கு விலை உண்டு, நேரத்தில் அல்ல, இடத்தில். ஒவ்வொரு கட்டடமும் ஒருமுறை உள்ளே போய், அதிகபட்சம் ஒருமுறை வெளியே வருவதால், மொத்த வேலை ஓரங்களை வரிசைப்படுத்தும் வேலையின் அளவைத் தாண்டாது. ஆனால் ஊர் முழுக்க நீண்ட ஒரே கோபுரம் எல்லாவற்றையும் மறைத்து நின்றால், அதன் கீழே முடிந்துபோன அத்தனை கட்டடங்களும் கடைசிவரை நினைவகத்தில் கிடக்கும்.