ஒப்பிடாமலே வரிசை

1950-களில் துளை அட்டைகளை வைத்துக் கணக்குப் பார்த்த அலுவலகங்களில் ஐ.பி.எம். 82 என்றொரு இயந்திரம் நின்றிருக்கும். அதன் ஒரு முனையில் அட்டைக் கட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால், நிமிடத்துக்கு 650 அட்டைகள் சரசரவென்று ஓடிப்போய் 13 அறைகளில் விழும். இலக்கங்களுக்குப் பத்து அறைகள், எழுத்துக் குறிகளுக்கான மேல்துளைகளுக்கு இரண்டு, எதிலும் சேராத அட்டைகளுக்கு ஒன்று. ஓர் அட்டையில் 80 பத்திகள் உண்டு. ஆனால் இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் பார்க்கும். அந்தப் பத்தியின் மேல் ஓர் உலோகத் தூரிகை உரசிச் செல்லும். துளை வரும் இடத்தில் மின்சாரம் பாயும், அந்த நொடியில் அட்டை எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

இந்த இயந்திரம் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் வேலை முடியும்போது ஆயிரக்கணக்கான அட்டைகள் எண் வரிசையில் நிற்கும். வரிசைப்படுத்துவது என்றாலே ஒப்பிடுவதுதான் என்று பழகிய நமக்கு இது முதலில் நம்ப முடியாததாகவே இருக்கும்.

ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு, அது கணிதமாக நிறுவப்பட்டது. மூன்று பொருள்களை ஆறு விதமாக அடுக்கலாம். நான்கை 24 விதமாக, ஆறை 720 விதமாக அடுக்கலாம். நம் கையில் கிடைத்திருப்பது இந்த 720-இல் எந்த அடுக்கு என்று கண்டுபிடித்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். ‘இது அதைவிடச் சிறியதா?’ என்று ஒருமுறை கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் வரும். ஒரு கேள்வி இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டும், இரண்டு கேள்விகள் நான்கை, ஒன்பது கேள்விகள் 512-ஐ. 720-க்கு அது போதாது, பத்தாவது கேள்வி வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டாலும் ஒன்பது ஒப்பீடுகளில் எல்லா ஆறு பொருள் அடுக்குகளையும் சரிசெய்யும் முறை கிடையாது. பத்து லட்சம் எண்களுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் ஒப்பீடுகள் வரும். ஓர் எண்ணுக்குப் பதினெட்டுக்கு மேல். பொருள்கள் கூடக் கூட, தலைக்கு ஆகும் ஒப்பீடும் மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

இந்த நிறுவலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. எங்கே செல்லும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது: ஒரு கேள்விக்கு இரண்டே பதில் இருக்கும் இடத்தில். துளை அட்டை இயந்திரம் கேட்பது வேறு கேள்வி. ‘இந்தப் பத்தியில் என்ன இலக்கம்?’ என்று கேட்கிறது, அதற்குப் பத்துப் பதில்கள். எல்லை உடையவில்லை. இயந்திரம் அந்த எல்லைக்குள் வராத வழியில் போகிறது.

அது எப்படிப் போகிறது என்பதை ஆறு அட்டைகளோடு பார்க்கலாம். கட்டில் இருக்கும் வரிசை 472, 315, 418, 372, 412, 308. முதலில் நூறின் இடத்தைப் பார்க்கத்தான் நம் கை துறுதுறுக்கும். ஆனால் அப்படிச் செய்தால் முதல் சுற்றிலேயே கட்டு பல துண்டுகளாகும், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தை ஓட்டியவர்கள் அதனால் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள்.

ஒன்றின் இடத்தைப் பார்த்துப் போட்டால் இரண்டாம் அறையில் 472, 372, 412 விழும். ஐந்தில் 315, எட்டில் 418, 308. அறைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக எடுத்து ஒரே கட்டாக்கினால் 472, 372, 412, 315, 418, 308. அடுத்து பத்தின் இடம். சுழி அறையில் 308, ஒன்றில் 412, 315, 418, ஏழில் 472, 372. மறுபடி ஒரே கட்டு: 308, 412, 315, 418, 472, 372. பார்த்தால் இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. கடைசியாக நூறின் இடம். மூன்றாம் அறையில் 308, 315, 372. நான்காம் அறையில் 412, 418, 472. எடுத்துச் சேர்த்தால் வரிசை முடிந்தது.

மூன்றாவது சுற்றில் 308, 315, 372 மூன்றும் ஒரே அறைக்குப் போயின. அவற்றுக்குள் யார் முன்னே என்பதை அந்தச் சுற்று தீர்மானிக்கவில்லை, முந்தைய சுற்றுகள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. ஒரே அறையில் விழும் அட்டைகள் வந்த முறை மாறாமல் இருந்தால்தான் அந்தப் பழைய உழைப்பு வீணாகாது. ரேடிக்ஸ் சார்ட் என்று இன்று கணினிப் பாடத்தில் சொல்லித்தரப்படும் முறை இதுதான், அதன் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். ஆறு அட்டை, மூன்று சுற்று, ஆக அட்டை 18 முறை அறையில் விழுந்தது. ஒப்பிட்டிருந்தால் பத்துக் கேள்வியில் முடிந்திருக்கும். சின்னக் கட்டுக்கு இந்த முறை நஷ்டம். பத்து லட்சம் அட்டைகளில் ஆறிலக்க எண் என்றால் கதை மாறுகிறது: ஆறு சுற்று, 60 லட்சம் வீழ்ச்சி. எதிரே நிற்பது 1 கோடியே 85 லட்சம் ஒப்பீடு. அட்டைகள் இருமடங்கானால் இயந்திரத்தின் நேரமும் சரியாக இருமடங்காகும், அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஏறாது.

அட்டை இயந்திரத்தில் அறைகள் கண்முன்னே இருக்கின்றன. கணினியின் நினைவகத்தில் அறை எங்கே? பத்து அறைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும், எல்லா எண்களும் ஒரே அறையில் போய் விழவும் கூடும் என்றால், ஒவ்வோர் அறைக்கும் முழுக் கட்டின் அளவு இடம் வேண்டும். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய தடை. 1954-இல் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் சீவர்ட் தம் முதுகலை ஆய்வேட்டில் இதற்கு வழி காட்டினார். போடுவதற்கு முன் எண்ணிப்பார், அவ்வளவுதான். எந்த அறைக்கு எத்தனை வரும் என்று தெரிந்துவிட்டால் அறைகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி அமைக்கலாம். மூலக் கட்டுக்கு ஓர் இடம், புதுக் கட்டுக்கு இன்னோர் இடம் இருந்தால் போதும். கவுண்டிங் சார்ட் என்பது இந்த எண்ணிப் போடுதல்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 500 மதிப்பெண், ஒன்பது லட்சம் பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். சுழியிலிருந்து 500 வரை 501 எண்ணிக்கைக் கட்டங்கள் போதும். பட்டியலை ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு மாணவருக்கும் இந்த வரியைச் செய்கிறோம்:

```python
count[mark] += 1
```

சாதாரண வரியாகத் தெரிகிறது. ஆனால் மதிப்பெண்ணே இங்கே முகவரி ஆகிறது. 315 என்று இருந்தால் கணினி வேறெதையும் பார்க்காமல் நேரே 315-ஆம் கட்டத்துக்குப் போகிறது. ஒரே அடியில் 501 வழிகளில் ஒன்றைத் தேர்ந்துவிட்டது. இரண்டு பதில் கேள்விகளால் இதே வேலையைச் செய்ய ஒன்பது கேள்விகள் வரை ஆகியிருக்கும்.

எண்ணி முடித்ததும் கட்டங்களைக் கீழிருந்து கூட்டிக்கொண்டே வருகிறோம். 315-க்குக் கீழே மொத்தம் 4,12,000 பேர் என்று வந்தால், 315 வாங்கிய முதல் மாணவருக்கு 4,12,001-ஆம் இடம், அடுத்து வருபவருக்கு அதற்கு அடுத்த இடம். பட்டியலை இரண்டாவது முறை முதலிலிருந்து ஓட்டி, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் எழுதிவிட்டால் வேலை தீர்ந்தது.

இந்தக் கடைசிப் படியில்தான் புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்க இடத்துக்குப் பதிலாக முடிவு இடத்தை வைத்துக்கொண்டு, பட்டியலை மட்டும் முதலிலிருந்தே ஓட்டிவிடுவார்கள். ஒரே எண் உள்ளவர்கள் தலைகீழாக விழுவார்கள். வெறும் எண்களை ஒரே சுற்றில் வரிசைப்படுத்தினால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது, ஒரு 315-க்கும் இன்னொரு 315-க்கும் வித்தியாசம் இல்லையே. ரேடிக்ஸ் சார்ட்டுக்குள் வைத்ததும் அம்பலமாகிவிடும். நம் ஆறு அட்டைகளின் மூன்றாவது சுற்றில் மட்டும் இது நடந்தால் 372, 315, 308, 472, 418, 412 என்று வரும். முந்நூறுகளும் நானூறுகளும் அழகாகப் பிரிந்திருக்கும், உள்ளே எல்லாம் தலைகீழ். பெரிய இலக்கம் சரி, சிறிய இலக்கம் தவறு என்று விடை வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இது. முடிவு இடத்தை வைத்திருந்தால் பட்டியலைக் கடைசியிலிருந்து ஓட்ட வேண்டும்.

எண்ணிப் போடுதலுக்கு மதிப்பெண் போன்ற குறுகிய எல்லை வேண்டும். ஆதார் போன்ற 12 இலக்க எண்ணுக்கு நேரடியாகக் கட்டம் போட்டால் ஒரு லட்சம் கோடிக் கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு பைட் என்றால் 4,000 ஜிகாபைட். பத்தாயிரம் பேரை வரிசைப்படுத்த இதை யாரும் செய்ய மாட்டார்கள். அட்டையில் நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து அச்சிட்டிருப்பது போல, எண்ணை மூன்று துண்டாக்கினால் சுற்றுக்குப் பத்தாயிரம் கட்டங்கள், மூன்றே சுற்று. துண்டைப் பெரிதாக்கினால் சுற்று குறையும், கட்டம் பெருகும். கட்டங்கள் செயலிக்குப் பக்கத்திலுள்ள சிறிய கேஷ் நினைவகத்தில் அடங்காமல் போனால், ஒவ்வோர் எழுத்துக்கும் தொலைவான நினைவகத்துக்கு ஓட வேண்டியிருக்கும், கணக்கில் கிடைத்த லாபம் கடிகாரத்தில் கரையும். 32 பிட் எண்களுக்குப் பலரும் 256 கட்டங்களோடு நான்கு சுற்று வைப்பது இதனால்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்து லட்சம் பேருக்கு ஒன்றுபோல் ஒன்று இல்லாத எண் தர வேண்டுமென்றால் குறைந்தது ஆறு இலக்கம் தேவை, பத்துக் கோடிப் பேருக்கு எட்டு. ஆள் கூடும்போது இலக்கமும் கூடுகிறது, சுற்றும் கூடுகிறது. ஒப்பீட்டில் நம்மைத் துரத்திய அதே வளர்ச்சி இங்கே எண்ணின் நீளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆள் கணக்கு பெருகினாலும் எண்ணின் நீளம் அப்படியே நிற்கும் இடங்களில்தான் இந்த முறைகள் தெளிவாக வெல்லும்: மதிப்பெண், வயது, தேதி, பின்கோடு.

இன்னொரு விலையும் உண்டு. ஒப்பிடும் முறைக்குப் பொருள் எதனால் ஆனது என்று தெரிய வேண்டியதில்லை, எது முந்தையது என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். ரேடிக்ஸ் சார்ட்டுக்கு எண்ணின் உள்கட்டமைப்பே தெரிந்தாக வேண்டும். கணினி எதிர்ம எண்களை எழுதும் வழக்கத்தில் அவற்றின் முதல் பிட் 1. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் 0, 5, 9, -7, -2 என்று எதிர்ம எண்கள் கடைசியில் போய் நிற்கும். முதல் பிட்டை மட்டும் புரட்டிவிட்டு ஓட்டி, பிறகு திரும்பப் புரட்டினால் சரியாகும்.

தமிழ்ப் பெயர்ப் பட்டியலிலும் இதே சிக்கல் வரும். யுனிகோடில் ந-வுக்கு அடுத்த எண் ன-வுக்குத் தரப்பட்டிருக்கிறது, ப-வும் ம-வும் அதற்குப் பிறகு. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி எழுத்து. எழுத்துகளின் யுனிகோடு எண்ணை அப்படியே இலக்கமாக எடுத்து ரேடிக்ஸ் சார்ட் ஓட்டினால் கனிமொழி முன்னாலும் கமலா பின்னாலும் வருவார்கள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசைப்படி புது எண் கொடுத்துவிட வேண்டும். அப்போது கமலாவின் ம ஒரு கட்டத்திலும் கனிமொழியின் ன அதற்கு வெகுதூரம் தள்ளிய கட்டத்திலும் விழும், இருவரும் அகராதியில் நிற்கும் முறையிலேயே பட்டியலிலும் நிற்பார்கள்.